காய்ச்சலோடு பரவும் தடிப்புக்குக் களிம்பு ஏன் கூடாது

காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்து, தடிப்பு மணிக்கு மணி பரவிக்கொண்டும் போனால், அது தோலோடு நிற்கும் நோயாக இருப்பது அரிது. ரத்தத்திலோ உள்ளுறுப்புகளிலோ நடந்துகொண்டிருக்கும் ஒன்று தோலில் வெளியே தெரிகிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். அது ஒரு வைரஸாக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்கலாம். விழுங்கிய மாத்திரை ஒன்றை உடம்பின் எதிர்ப்பாற்றல் பகையாக எடுத்துக்கொண்டு தன் தோலையே தாக்குவதாகவும் இருக்கலாம். களிம்பு வேலை செய்வது அதைத் தடவிய இடத்தின் மேலடுக்குகளில் மட்டும்தான். காய்ச்சலை உண்டாக்கும் காரணத்தை அது தொடுவதே இல்லை.

படர்தாமரை, சேற்றுப்புண், வியர்க்குரு, சிரங்கு போன்றவை வேறு வகை. அவற்றில் அரிப்பு உயிரை எடுத்தாலும் பொதுவாகக் காய்ச்சல் வராது. பரவினாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் பரவும். சரியான களிம்பு அவற்றுக்குச் சரியான மருந்து. மருந்துக்கடைக்கு வந்து “அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்” என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர். அதனால்தான் மற்ற வகையைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் எளிதாகக் கலந்துபோய்விடுகிறார். அவரைப் பிரித்தெடுப்பது கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநரின் வேலை. நோய் இன்னது என்று சொல்வது அவர் பொறுப்பல்ல. எதைக் கடையோடு அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று தரம் பிரிப்பதே பொறுப்பு. நோயாளி பெரும்பாலும் வீட்டில் படுத்திருப்பார், கடைக்கு வருபவர் வேறொருவர். ஆகவே இந்தத் தரம் பிரிப்பு முழுக்க முழுக்கக் கேள்விகளால்தான் நடக்கிறது.

ஒரு சிற்றூர் மருந்துக்கடையில் நடக்கக்கூடிய பேச்சு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வருகிறார்.

“தம்பி, ஒடம்பெல்லாம் தடிச்சிருக்கு. போன வருசம் எனக்கு ஒரு டியூப் குடுத்தியே, அதே மாதிரி ஒண்ணு குடு.”

“உங்களுக்காண்ணே?”

“எனக்கில்லப்பா, வீட்ல அவளுக்கு.”

“அண்ணிக்குக் காய்ச்சல் இருக்கா?”

“ரெண்டு நாளா அனலாக் காயுது. மாத்திரை குடுத்தா விடுது, திரும்ப வந்துருது.”

“தடிப்பு எப்ப ஆரம்பிச்சுது?”

“நேத்துக் காலைல நெஞ்சுல கொஞ்சம் இருந்துச்சு. ராத்திரி முதுகுக்குப் போச்சு. இன்னிக்கு மூஞ்சி, கை எல்லாம்.”

“அரிக்குதுங்கறாங்களா, எரியுதுங்கறாங்களா?”

அவர் கொஞ்சம் யோசிக்கிறார். “எரியுதுன்னுதான் சொல்றா. துணி பட்டாலே கத்தறா.”

“சாப்பாடு இறங்குதா?”

“எங்க? வாயெல்லாம் புண்ணு. கஞ்சிகூட முழுங்க முடியல. கண்ணு வேற செவந்து பீளை தள்ளுது. அம்மையா இருக்கும்னு எங்கம்மா வேப்பிலை வச்சிருக்கு.”

“இந்த ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா.”

“சுகர், பிரஷர், வலிப்பு, மூட்டுவலி, நரம்பு… எதுக்காவது?”

“கன்னத்துல சுரீர் சுரீர்னு இழுக்குதுன்னு டவுன்ல ஒரு டாக்டர் நரம்பு மாத்திரை எழுதினாரு. அது வலிக்குத்தானே? மூணு வாரமாப் போடறா.”

மருந்தாளுநர் வீட்டுக்குப் போன் போட்டு மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். அட்டையில் கார்பமசெபைன் என்று இருக்கிறது. வலிப்புக்கும், முகத்து நரம்பு வலிக்கும் பல ஆண்டுகளாகப் பயன்படும் நல்ல மருந்து. ஆனால் லட்சக்கணக்கானோர் பத்திரமாக விழுங்கும் அந்த மாத்திரை, மிகச் சிலருக்கு ஆரம்பித்த முதல் சில வாரங்களுக்குள் இப்படித்தான் திரும்பிக்கொள்ளும். காய்ச்சல், எரியும் தடிப்பு, வாய்ப்புண், சிவந்த கண் ஆகிய நான்கும் மூன்று வாரக் கணக்கோடு சேர்ந்து வந்தால் அந்த எண்ணம் வராமல் இருக்கக்கூடாது.

“அண்ணே, டியூப் எடுத்துக் குடுக்கறது பெரிய வேலையில்ல. ஆனா இது மேல்தோல் சமாச்சாரமாத் தெரியல. சில பேருக்குச் சில மாத்திரை ஒத்துக்காது, அப்ப இப்படி வரும். நூத்துல முக்காவாசி சாதாரணமாப் போயிரும். அண்ணிக்கு வாயும் கண்ணும் சேர்ந்து வந்திருக்கு பாருங்க, அதனாலதான் சொல்றேன். இன்னிக்கே ஆஸ்பத்திரில காட்டிருங்க.”

“மணி எட்டாச்சு. காலைல போனா ஆகாதா?”

“ராத்திரி வேளைக்கு அந்த மாத்திரை இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கில்ல? அது உள்ள போறதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும்ணே.”

“அந்த டாக்டரு தப்பா எழுதிட்டாரா அப்ப?”

“தப்பெல்லாம் இல்ல. வலிக்கு அதுதான் மருந்து. யாருக்கு ஒத்துக்காதுன்னு முகத்தப் பாத்து யாருக்கும் தெரியாது.”

அவர் தலையாட்டுகிறார். பிறகு மெல்லச் செலவைக் கேட்கிறார். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரே போகலாம், தோல் மருத்துவரும் கண் மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள், 108-ஐ அழைத்தால் வண்டிக்குக் காசில்லை என்று மருந்தாளுநர் சொல்கிறார். ஒரு சீட்டில் நான்கு வரி எழுதிக் கொடுக்கிறார்: கார்பமசெபைன் 200 மி.கி., தொடங்கிய தேதி. காய்ச்சல் தொடங்கிய நாள். தடிப்பு தொடங்கிய நாள். வாயிலும் கண்ணிலும் புண். நெரிசலான அவசரப் பிரிவில் அந்த நான்கு வரி அரை மணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

இந்தப் பேச்சில் நோயின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். அது திட்டமிட்ட மௌனம். நோயாளியைப் பார்க்காமல், சோதிக்காமல் பெயர் சொல்வது மருந்தாளுநரின் எல்லைக்குள் வராது. சொன்னாலும் வந்தவர் பயந்துபோய் வேறு நாலு பேரிடம் கேட்டு நேரத்தைக் கழிப்பார். “ஒன்றும் இருக்காது” என்றும் அவர் சொல்லவில்லை, “உயிருக்கே ஆபத்து” என்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் குறை சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் பேச்சு நோயாளியை விட்டு மருத்துவர் பக்கம் திரும்பியிருக்கும். கேட்ட பொருளைத் தர மறுத்தாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதுதான் இந்தப் பேச்சின் நயமான பகுதி. “டாக்டரைப் பாருங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போய் அதே டியூபை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காய்ச்சல் இருக்கிறதா என்பதற்கு “இல்லை” என்ற பதிலை அப்படியே ஏற்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன் பாராசிட்டமால் விழுங்கியவருக்கு அந்த நேரத்தில் காய்ச்சல் இருக்காது. மாத்திரை போடாதபோது எப்படி இருந்தது என்றுதான் கேட்க வேண்டும். எங்கே தொடங்கி எவ்வளவு நேரத்தில் எங்கே பரவியது என்ற கேள்வி வேகத்தை அளக்கிறது. நம் நிறத்துத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சில சமயம் வெறும் கருமையாகவோதான் தெரியும். “சிவந்திருக்கா?” என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். தொட்டால் மற்ற இடத்தைவிடச் சுடுகிறதா, மேடாக இருக்கிறதா என்று கேட்பது மேல். நிறம் குறைவாக உள்ள உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் உள்ளிமை, வாயின் மேலண்ணம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வது இன்னும் மேல்.

அரிப்பா, எரிச்சலா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். மேலோட்டமான ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் அரிக்கும், சொறியச் சொல்லும். தோலின் ஆழத்தில் செல்கள் சாகத் தொடங்கும்போது அரிப்பைவிட வலியும் எரிச்சலும் முந்திக்கொள்ளும். வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய ஈரமான இடங்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது அடுத்தது. பிறப்புறுப்பைப் பற்றிக் கேட்க இரு தரப்புக்கும் கூச்சமாக இருக்கும், “ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?” என்று கேட்டால் போதும்.

கடைசியாக வரும் மருந்துக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. பெரும்பாலும் தவறிப்போவதும் அதுதான். “ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் மக்கள் காய்ச்சலுக்கு நேற்று போட்டதை மட்டும் நினைத்துக்கொள்வார்கள். மூன்று வாரத்துக்கு முன் தொடங்கியது அவர்கள் மனதில் மருந்து என்ற கணக்கிலேயே இருக்காது, அன்றாடப் பழக்கமாகிவிட்டிருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் மாத்திரையிலேயே தெரிந்திருக்குமே என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பென்சிலினுக்கு உடனே தடித்து மூச்சிரைக்கும் வகைக்கு அது பொருந்தும். தாமதமாக வரும் வகையில் எதிர்ப்பாற்றல் அந்த மருந்தைப் பகையாகப் பழகிக்கொள்ளவே நாட்கள் ஆகும். அதனால்தான் இரண்டு மாதம் பின்னோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன பெண்ணுக்கு மருத்துவர்கள் சந்தேகிக்கக்கூடிய நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய். 1922-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டீவன்ஸும் ஜான்சனும் காய்ச்சல், தடிப்பு, வாய்ப்புண், கடுமையான கண் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள்; பெயர் அதிலிருந்து வந்தது. அரிய நோய், பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வரும். சாதாரணச் சளிக்காய்ச்சலைப் போலத் தொண்டை வலியோடும் கண் எரிச்சலோடும் அது தொடங்கும். ஓரிரு நாளில் நெஞ்சிலும் முகத்திலும் நடுவில் கருத்த திட்டுகள் எழும். பிறகு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கொப்புளம் கட்டும். தீப்புண்ணில் நடப்பதைப்போல மேல்தோல் தாள் தாளாகக் கழன்றுவரும். கழன்ற பரப்பு உடம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை அதை ஸ்டீவன்ஸ்–ஜான்சன் என்பார்கள். பத்தில் மூன்று பங்கைத் தாண்டினால் அதே நோய்க்கு வேறு பெயர், அபாயமும் பல மடங்கு. அந்தக் கடுமையான நிலையில் மூன்றில் ஒருவர்வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண்ணில் வடு விழுந்து பார்வை மங்குகிறது.

இந்த ஏணியில் நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது காரணமான மருந்து எவ்வளவு சீக்கிரம் நிறுத்தப்பட்டது என்பதுதான். மற்ற சிகிச்சைகளில் மருத்துவர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, மருந்தை நிறுத்துவதில் இல்லை. களிம்பு தடவிக் காத்திருந்த இரண்டு நாள் என்பது அந்த மாத்திரை மேலும் நான்கு வேளை உள்ளே போன இரண்டு நாள். அந்த இரவு நேரப் பேச்சின் முழு அவசரமும் இதில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அந்தப் பெண் வலிப்புக்காக அதே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால், வீட்டிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடுக்கடுக்காக வலிப்பு வரலாம். மருந்தை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அதற்கு மாற்று கொடுக்கக்கூடிய இடத்தில் வைத்து நிறுத்த வேண்டும். அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் சேர்ந்துவிட வேண்டும் என்று மருந்தாளுநர் சொன்னதில் இந்த நுணுக்கமும் அடங்கியிருக்கிறது.

இப்படித் தாமதமாகத் திரும்பிக்கொள்ளும் பழக்கமுள்ள மருந்துகள் அதிகமில்லை. கார்பமசெபைன், பினைட்டோயின், பினோபார்பிடோன், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள், யூரிக் அமிலத்துக்குத் தரப்படும் அலோபியூரினால், சல்ஃபா வகை மாத்திரைகள், சில வலிநிவாரணிகள் என்று ஒரு கைக்குள் அடங்கும். இவற்றில் சில, தோலைக் கழற்றாமல் வேறு விதமாகவும் தாக்கும். முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகும். தடிப்பு பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தச் சோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருக்கும். கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாத இந்த வகைக்கு மருத்துவமனையைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி அந்த டியூபைப் பற்றி. சென்ற ஆண்டு கணவருக்குப் பலித்தது பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்பாக இருந்திருக்கும். இந்தியக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் தோல் மருந்து இந்தக் கலவைதான். அதிலுள்ள ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் அமுக்கும். அதனாலேயே அதற்கு “கைகண்ட மருந்து” என்ற பெயர். ஆனால் அமுங்குவது அடையாளம்தான். காரணம் கிருமியாக இருந்தால், அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பு தளர்ந்து கிருமிக்கு வசதியாகிவிடுகிறது. தடிப்பு வெளிறிப்போனபின் மருத்துவர் பார்த்தால், அது எப்படித் தொடங்கியது, எல்லை எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தோல் கழன்ற இடத்தில் தடவினால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும், ஒட்டும் களிம்பைத் தேய்ப்பதே மிச்சமுள்ள தோலையும் உரிக்கும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. நடைமுறையில் அந்த டியூப் இன்னும் சோப்பைப்போலக் கைமாறுகிறது. காலமைன் லோஷன் இவ்வளவு கெடுதல் செய்யாது. அது செய்யும் கெடுதல், ஏதோ வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியைத் தந்து ஒரு நாளைக் கழித்துவிடுவது.

மருந்து ஒவ்வாமை ஒரு காரணம் மட்டும்தான். தமிழ்நாட்டில் மழைக்காலமும் அதையொட்டிய குளிர்மாதங்களும் வந்தால் அதே கவுண்டருக்கு உண்ணிக் காய்ச்சலும் வரும். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற இந்நோயைப் புல்வெளிகளிலும் புதர்களிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிப் பூச்சியின் இளம்புழு கடித்துப் பரப்புகிறது. கடித்த இடத்தில் வலியில்லாத சிறு கருத்த பொருக்கு இருக்கும். பீடி நெருப்பு சுட்டதைப்போலத் தோன்றும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பகத்தின் கீழும் மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. தடிப்பு சிலருக்கு வரும், கருத்த தோலில் வந்தாலும் தெரியாது. இதைப் பற்றி மருந்துக்கடைக்காரர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலுக்கென்று பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் இரண்டும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையைக் காலத்தில் தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் முடியும். ஒரு களிம்பும் ஒரு தவறான ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து ஒரு வாரத்தை விழுங்குவது இந்த நோயில்தான்.

டெங்குவில் தடிப்பு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான் என்பதால் “காய்ச்சல் விட்டுப்போச்சு, தடிப்பு மட்டும்தான்” என்ற வார்த்தை டெங்கு நாட்களில் ஆறுதல் தரும் செய்தியல்ல. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கேட்டாலும் தரக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ஒரே காலில் மட்டும் சூடாக, வலியோடு, எல்லை தெரியும்படி சிவந்து ஏறினால் அது தோலுக்கடியில் பாக்டீரியா பரவுவது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது மிக வேகமாகப் போகும். அந்த எல்லையின் மேல் பேனாவால் கோடு போட்டு வைத்தால், சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். தாண்டினால் அதே இரவில் மருத்துவமனை. கோடு போட்டுவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதற்கல்ல அந்தச் சோதனை.

கண்ணாடித் தம்ளர் சோதனையும் வீட்டில் செய்யக்கூடியதே. தடிப்பின் மேல் தெளிவான கண்ணாடி தம்ளரை அழுத்தினால் பெரும்பாலான தடிப்புகளின் நிறம் மறையும். மறையாமல் புள்ளி புள்ளியாக நின்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு அப்படி இருந்தால், குறிப்பாகக் கழுத்து விறைப்போ மயக்கமோ சேர்ந்தால், மணிக்கணக்கில் உயிரைக் குடிக்கும் மூளைக்காய்ச்சல் கிருமியையும் நினைக்க வேண்டும். நிறம் மறைகிறது என்பதால் மட்டும் நிம்மதியடையவும் கூடாது. மருந்து ஒவ்வாமைத் தடிப்பு தொடக்கத்தில் அழுத்தினால் மறையவே செய்யும்.

அந்த வீட்டுப் பாட்டி வேப்பிலை வைத்ததையும் விட்டுவிட முடியாது. காய்ச்சலோடு தடிப்பு என்றால் தமிழ்க் குடும்பங்களில் முதலில் வரும் வார்த்தை அம்மை. அம்மை என்றால் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள், மருந்து கொடுக்கக்கூடாது, வெளியே அழைத்துப்போகக் கூடாது. பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்தில், நோயாளியைத் தனியே வைத்துக் குளிர்ச்சியாகப் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியதாக இருந்தது. உலகில் பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. இப்போது மிச்சமிருக்கும் சின்னம்மைக்கும் மருந்து உண்டு. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கடுமையாகும் என்பதால், கொப்புளம் தோன்றிய முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த மருந்துக்கு முழுப் பலன். தட்டம்மை நிமோனியாவில் முடியக்கூடும். ஆகவே அம்மை என்றே வைத்துக்கொண்டாலும் மருத்துவரைப் பார்க்கும் காரணம் குறையவில்லை. கடையில் நின்று நம்பிக்கையோடு வாதாடிப் பயனில்லை. “வேப்பிலை இருக்கட்டும்ணே, பாட்டி செய்யறதச் செய்யட்டும். அம்மையா, மாத்திரையான்னு டாக்டர் ஒரு தடவை பாத்துச் சொல்லட்டும்” என்றால் அந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் போவதற்குத் தயக்கம் குறையும். முதலில் சந்தேகப்படும் மருந்து நிறுத்தப்படும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனை எடுப்பார்கள். பருவத்தைப் பொறுத்து டெங்கு, உண்ணிக் காய்ச்சல் சோதனைகளும் சேரும். கண் மருத்துவர் முதல் நாளிலேயே பார்ப்பார், ஏனென்றால் கண்ணில் வடு விழுவதைத் தடுக்கும் வாய்ப்பு ஆரம்ப நாட்களில்தான் அதிகம். தோல் கழன்றிருந்தால் தீக்காயத்துக்குப்போலவே நீர்ச்சத்து, கட்டு, வலிக்கு மருந்து, தொற்றிலிருந்து காப்பு. சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் தேவையா என்பதை நோயின் அளவைப் பார்த்து முடிவு செய்வார்கள். சோதித்துவிட்டுச் சாதாரணத் தடிப்புதான் என்று அன்றே திருப்பி அனுப்பினாலும் அது வீண்பயணம் அல்ல. அந்த முடிவைச் சொல்லும் தகுதி அங்கே இருப்பவர்களுக்குத்தான் உண்டு.

யாருக்கு இந்த ஒவ்வாமை வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியும் வழி இப்போது இருக்கிறது. கார்பமசெபைனுக்கு ஸ்டீவன்ஸ்–ஜான்சன் வந்தவர்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை மிகுதியாக இருப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைத் தொடங்குமுன் அதைச் சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் அறிவுறுத்தியது. சிங்கப்பூரில் அந்தச் சோதனை வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஆபத்து முழுதும் நீங்கிவிடாது என்பதால், முதல் இரண்டு மாதம் விழிப்பாக இருப்பதற்கு அது மாற்றாகாது. இந்த வகை மாத்திரையை முதல்முறை விற்கும்போதே “காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா அன்னிக்கே டாக்டரப் பாருங்க” என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்புவதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். மருந்து தரும்போது நோயாளிக்கு விளக்க வேண்டும் என்பதை இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன.

குணமாகி வீடு திரும்பியவர் அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே மருந்து நம் கடைகளில் பல நிறுவனப் பெயர்களில் கிடைக்கிறது. ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், அடுத்த ஊரில் வேறு பெயரில் அதையே விழுங்கிவிடக்கூடும். ஆகவே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கார்பமசெபைன் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதன் உறவுகளான பினைட்டோயினும் பினோபார்பிடோனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் மூன்று பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலும் அந்தச் சீட்டை முதலில் காட்ட வேண்டும். மருந்தால் வந்த கெடுதலைப் பதிவு செய்ய இந்திய மருந்தகக் குறிப்பேட்டு ஆணையம் காசியாபாத்திலிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவரும் மருந்தாளுநரும் மட்டுமல்ல, நோயாளியோ அவர் வீட்டாரோகூட நேரடியாகச் சொல்லலாம்.